பாடகர் வாயை மூடும் இடத்தில்தான் பேண்டு தொலைஞ்சு போகும்: ஒரு பக்கக் கார்டு ஷீட் பற்றிய த்ரெட்

1/
மக்களே, இன்னைக்கு மருந்து, மாத்திரை, காய்ச்சல் எதுவும் இல்லை. ஒரு பாட்டை ஒரே ஒரு A4 தாளில் எழுதி, அதுவரை அந்தப் பாட்டைக் கேட்டே இராத ஒருத்தரையும் ஒரு மணி நேரத்தில் வாசிக்க வைப்பது எப்படி என்பதுதான் விஷயம். உங்க ஆபீஸ் ஆண்டு விழா, கோயில் விழா, சர்ச் கொயர், கல்லூரி பேண்டு எதுவானாலும் இது உதவும். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வாங்க.

2/
நான் வேலை பார்க்கிற அரசு மருத்துவமனையில் ஒரு ஹெட் சிஸ்டர் 34 வருஷ சர்வீஸ் முடிச்சு மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தாங்க. நைட் ட்யூட்டியில் வார்டு அடங்கின பிறகு மெதுவா முணுமுணுத்துப் பாடுவாங்க. மைக் முன்னாடி ஒரு தடவைகூடப் பாடினது இல்லை. "கடைசி நாள்ல ஒரு பாட்டு பாடுங்க சிஸ்டர், நாங்க வாசிக்கறோம்"னு கேட்டதுக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் சரின்னாங்க. எங்க ஃபார்மசிஸ்ட் அவங்களுக்காகவே ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டுட்டார்.

3/
பேண்டு யாருன்னு கேட்டா: கிட்டார் நான். ரிதம் பேட் லேப் டெக்னீஷியன். கீபோர்டு ஃபார்மசிஸ்ட். பேஸ் கிட்டார் என் நண்பர், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ரிகர்சல் நல்லூரில் அவர் யூனிட்டில், ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்னைக்குத்தான் மிஷின் ஓடாது. சுத்தி அடுக்கியிருக்கிற துணி ரோல்கள் எதிரொலியை எல்லாம் குடிச்சிடும். அவ்வளவு நல்ல ரிகர்சல் ரூம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனா ட்யூட்டி போக எல்லாரும் சேர்ந்து கிடைச்சது மூணே மூணு ஞாயிறு, தலா ஒன்றரை மணி நேரம்.

4/
முதல் ஞாயிறு படுதோல்வி. காரணம் நான். பாட்டு வரிகளை டைப் பண்ணி, வரிகளுக்கு மேல கார்டு பேரை எழுதி எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். இணையத்தில் "கிட்டார் கார்ட்ஸ்"னு தேடினா வருமே, அதே மாதிரி. பல்லவி அழகா போச்சு. பல்லவி முடிஞ்சு இடை இசை ஆரம்பிச்சதும் ஆளுக்கு ஒரு பக்கம். நான் நாலு பார்னு நினைச்சேன், கீபோர்டு எட்டுன்னு நினைச்சது. பேஸ் நின்னே போச்சு. சிஸ்டர் எங்க எடுக்கறதுன்னு தெரியாம என்னையே பார்த்துட்டு நின்னாங்க. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தடவைகூடப் பாட்டு முழுசா முடியலை. போகும்போது "என்னால உங்களுக்கெல்லாம் சிரமம்"னு சொன்னாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை.

5/
நைட் ட்யூட்டியில் உட்கார்ந்து யோசிச்சப்பதான் புரிஞ்சது. வரிக்கு மேல கார்டு எழுதற முறை பாடறவருக்கானது. தனியா கிட்டாரை வச்சுப் பாடறவருக்குப் போதும், ஏன்னா வரிகளே அவருக்கு வழி காட்டும். ஆனா நம்ம ஊர்ப் பாட்டின் அமைப்பைப் பாருங்க. பல்லவி, இடை இசை, சரணம், திரும்ப பல்லவி, இன்னொரு இடை இசை, இன்னொரு சரணம். இடை இசையில் வரியே கிடையாது. அப்போ அந்தத் தாளில் அந்த இடம் வெறும் வெள்ளை. பேண்டுக்கு வேலை அதிகமா இருக்கிற இடத்தில் தாளில் ஒண்ணுமே இல்லை. பாடகர் வாயை மூடும் இடத்தில்தான் எல்லாரும் தொலைஞ்சோம்.

6/
சினிமாவில் இதை எப்படிச் சமாளிக்கறாங்க? இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன வாசிக்கணும்னு முழு ஸ்கோரா எழுதிக் கொடுத்துடுவார். வயலின்காரருக்கு அவர் பகுதி, புல்லாங்குழல்காரருக்கு அவர் பகுதி. படிக்கத் தெரிஞ்ச கலைஞர்கள் இருக்கிற இடத்தில் அது சரி. எங்க நாலு பேரில் அஞ்சு கோட்டு நொட்டேஷன் படிக்கத் தெரிஞ்சவர் யாரும் இல்லை. மெல்லிசைக் குழுக்கள் காதால் கேட்டு மனப்பாடமா வாசிப்பாங்க. அதுக்கு நாள் வேணும், எங்களுக்கு நாளும் இல்லை.

7/
இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறதுதான் லீட் ஷீட். ஜாஸ் இசைக்காரர்களின் சோறு இது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரி வட்டாரத்தில் இப்படிப்பட்ட தாள்களைத் தொகுத்து "ரியல் புக்"னு திருட்டு ஜெராக்ஸ் புத்தகமாவே வித்தாங்க. 2004இல்தான் முறையான பதிப்பு வந்தது. கறாராச் சொன்னா லீட் ஷீட்னா மெட்டு அஞ்சு கோட்டில் இருக்கணும், மேல கார்டு இருக்கணும். மெட்டை விட்டுட்டு கார்டும் பகுதிகளும் மட்டும் எழுதினா அது கார்டு ஷீட். எங்க மெட்டு சிஸ்டருக்கு மனப்பாடம் என்பதால் நான் எழுதினது ரெண்டாவது வகை.

8/
எழுதின விதம் சொல்றேன். முதல் வேலைக்கு கிட்டாரே வேண்டாம். ஃபார்மசிஸ்ட் கீபோர்டில் வாசிச்சு, பாடி, ஃபோனில் பதிஞ்சு அனுப்பின பாட்டைக் காதில் மாட்டிக்கிட்டு நாலு தட்டுக்கு ஒரு கோடு போட்டேன். நாலு தட்டு ஒரு பார். கோடு மட்டும், கார்டு இல்லை. குரல் ஆரம்பிச்ச இடத்திலும் நின்ன இடத்திலும் ஒரு வட்டம். ஒரு தடவை கேட்டு முடிச்சதும் பாட்டின் எலும்புக்கூடு கையில் இருந்தது: இன்ட்ரோ 4 பார், பல்லவி 8, இடை இசை 8, சரணம் 12. சரணம் 12னு அப்போதான் எனக்கே தெரியும். அதுவரை 8னு நினைச்சுட்டிருந்தேன். முதல் ஞாயிறு சரணத்தில் நான் ஏன் வழுக்கினேன்னு அங்கேயே விடை கிடைச்சிடுச்சு.

9/
ரெண்டாவது வேலைதான் கார்டு. இதில் ஒரு குறுக்கு வழி. முழுக் கார்டைத் தேடாதீங்க, ஒவ்வொரு பாரிலும் அடியில் கேட்கிற கனமான சுரத்தை மட்டும் பிடிங்க. அது கிடைச்சா பெரும்பாலும் கார்டின் பேர் கிடைச்ச மாதிரி. அப்புறம் அது மேஜரா மைனரான்னு ரெண்டையும் வாசிச்சுப் பார்த்தா காதே சொல்லிடும். இப்படி எழுதி முடிச்ச தாள் இதுதான். சிஸ்டருக்கு ஃபார்மசிஸ்ட் வச்ச ஸ்ருதி D, அதாவது ரெண்டு கட்டை.

```
ஸ்ருதி D   தாளம் 4/4   வேகம் 92
வழி: இன்ட்ரோ A A B C A B C A A முடிவு

இன்ட்ரோ (4)
| D  | A/C# | Bm | G A |
[A] பல்லவி (8)
| D  | D | G | A |
| Bm | G | A | D |
[B] இடை இசை (8)
| Bm | Bm | G | G |
| Em | Em | A | A |
[C] சரணம் (12)
| G  | G  | D | D |
| Em | Em | A | A |
| Bm | G  | A | A நிறுத்து |
முடிவு (2)
| G A | D |
```

10/
படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்றேன். ரெண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவில் இருக்கிறது ஒரு பார், நாலு தட்டு. ஒரே கார்டு இருந்தா நாலு தட்டும் அதுதான். "G A"ன்னு ரெண்டு இருந்தா ஆளுக்கு ரெண்டு தட்டு. ஒரு வரிக்கு நாலு பார்தான், அதுக்கு மேல எழுதவே மாட்டேன். பாட்டின் வாக்கியங்கள் பெரும்பாலும் நாலு நாலு பாராத்தான் ஓடும். வரி முடிஞ்சா வாக்கியம் முடிஞ்சதுன்னு கண்ணுக்கே தெரியணும். இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு வரியில் ஆறு பார் எழுதினா தாள் சின்னதாகும், ஆனா வாசிக்கறவர் எண்ண ஆரம்பிச்சிடுவார். எண்ண ஆரம்பிச்சவர் கேட்கிறதை நிறுத்திடுவார்.

11/
பெட்டிக்குள்ள இருக்கிற A, B, C ரிகர்சலுக்காக. A, C கார்டு பேரும் ஆச்சேன்னு குழம்பாதீங்க, அதனாலதான் பெட்டி. "அந்த ரெண்டாவது தடவை பாடுவாங்களே, அதுக்கு முன்னாடி வருமே"ன்னு விளக்கறதுக்குப் பதிலா "B-ல இருந்து"ன்னா போதும். நாலு பேரும் ஒரே இடத்துக்கு வந்துடுவாங்க. முதல் ஞாயிறு பாதி நேரம் "எங்க இருந்து எடுக்கறது"ங்கற பேச்சிலேயே போச்சு. மேல இருக்கிற "வழி" வரிதான் பாட்டின் முழுப் பாதை. சேர்த்துப் பார்த்தா 86 பார். 92 வேகத்தில் மூணே முக்கால் நிமிஷம்.

12/
ஒரு எச்சரிக்கை. எங்க பாட்டில் ரெண்டு இடை இசையும் ஒண்ணே, அதனால ரெண்டுக்கும் B. சினிமாப் பாட்டில் அப்படி நம்பிடாதீங்க. முக்கியமா இளையராஜா பாடல்களில் முதல் இடை இசையும் ரெண்டாவதும் பெரும்பாலும் வேற வேற. அப்போ ரெண்டாவதுக்குத் தனி எழுத்தும் தனிப் பெட்டியும் கொடுத்தே ஆகணும். "கிட்டத்தட்ட அதே மாதிரி"ன்னு எழுதினா வித்தியாசமான அந்த ரெண்டு பார்லதான் விழுவீங்க.

13/
A/C# என்னன்னு பேஸ் நண்பர் கேட்டார். சாய்வுக் கோட்டுக்கு மேல இருக்கிறது கார்டு, அடியில் இருக்கிறது பேஸ் வாசிக்க வேண்டிய சுரம். கீபோர்டு A வாசிக்கும், பேஸ் மட்டும் C# பிடிக்கணும். ஏன் இந்த வேலை? இன்ட்ரோவில் பேஸை மட்டும் கேளுங்க: D, C#, B. படி இறங்கற மாதிரி வரும். பேஸ் வெறும் A வாசிச்சா தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா அந்தப் படிக்கட்டு உடைஞ்சு போகும். பாட்டோட சோகமே அந்தப் படிக்கட்டில்தான் இருக்கு.

14/
"நிறுத்து"தான் தாளில் விலை அதிகமான சொல். சரணத்தின் 12ஆவது பாரில் எல்லாரும் முதல் தட்டோடு நின்னுடணும். மீதி மூணு தட்டு அமைதி. அந்த அமைதியில், கடைசித் தட்டில் சிஸ்டர் மட்டும் பல்லவியை எடுப்பாங்க. முதல் ஞாயிறு பேட்காரர் அங்கதான் உற்சாகமா ஒரு ரோல் போட்டு அவங்க எடுப்பை முழுங்கினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அங்க நிக்கணும்னு எங்கயும் எழுதலையே. தாளவாத்தியக்காரருக்கு கார்டு தேவையில்லைன்னு தாளே கொடுக்காம விடறது பல குழுக்களில் நடக்கிற தப்பு. அவருக்குத்தான் இது முதலில் வேணும்.

15/
ரெண்டாவது ஞாயிறு. ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். முதல் பத்து நிமிஷம் யாரும் வாசிக்கலை. பேட்காரர் தட்டைத் தட்ட, எல்லாரும் தாளில் விரல் வச்சு வழியை மட்டும் ஒரு தடவை நடந்து பார்த்தோம். அப்புறம் வாசிச்சோம். முதல் தடவையே பாட்டு முடிவு வரைக்கும் போச்சு. நல்லா இருந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஆனா எல்லாரும் ஒரே நேரத்தில் முடிச்சோம். சிஸ்டர் சிரிச்சாங்க. அன்னைக்கு மொத்தம் ஏழு தடவை வாசிச்சோம்.

16/
அடுத்த வாரம் ரெண்டு குண்டு. ஒண்ணு, ஃபார்மசிஸ்ட் மாமனார் இறந்து ஊருக்குப் போயிட்டார், கீபோர்டு இல்லை. ரெண்டு, சிஸ்டருக்கு சளி. ரெண்டு கட்டையில் பல்லவி மேல போற இடம் அவங்களுக்கு எட்டலை. "வேண்டாம் டாக்டர், விட்டுடலாம்"னாங்க. தொண்டையைப் பார்த்தேன், வெறும் வைரல் சளி, குரல் நாண் ஓய்வு கேட்குது. அழுத்திப் பாட வச்சா இன்னும் கெடும். பாட்டை அவங்க இருக்கிற இடத்துக்கு இறக்கறதுதான் வழி. ஒரு கட்டைக்கு, அதாவது C-க்கு.

17/
தாள் மொத்தத்தையும் திரும்ப எழுதணுமேன்னு நான் புலம்பினப்ப கட்டிங் மாஸ்டர் சொன்னார்: "ஏனுங்க டாக்டர், எங்ககிட்ட ஒரே பேட்டர்ன்தானுங்க. எல் சைஸ்ல இருந்து எம் சைஸ் போடறதுக்குப் புதுசா டிசைனா வரையறோம்? கிரேடிங் பண்றோம். வடிவம் அதேதான், அளவுதான் மாறுது." மனுஷன் ரெண்டு வாக்கியத்தில் முடிச்சிட்டார்.

18/
அவர் சொன்னதை அமெரிக்காவின் நாஷ்வில் ஸ்டுடியோக்காரர்கள் 1950களின் கடைசியிலேயே பண்ணிட்டாங்க. ஜோர்டனெய்ர்ஸ் பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் கார்டு பேருக்குப் பதிலா எண் எழுதும் முறையைத் தொடங்கினார். சார்லி மெக்காய் போன்ற வாத்தியக் கலைஞர்கள் அதைப் பரப்பினாங்க. ஸ்ருதி எதுவோ அது 1. அதிலிருந்து ச ரி க ம எண்ணுங்க, ஏழு சுரம், ஏழு எண். D ஸ்ருதியில் D = 1, Em = 2m, G = 4, A = 5, Bm = 6m. எங்க பல்லவி இப்படி ஆயிடும்:

```
[A] பல்லவி (8)
| 1  | 1 | 4 | 5 |
| 6m | 4 | 5 | 1 |
```

19/
இப்போ 1 = C-ன்னு வச்சா 4 = F, 5 = G, 6m = Am, 2m = Dm. இன்ட்ரோவில் இருந்த A/C# என்பது 5/7, C ஸ்ருதியில் G/B. வடிவம் அதேதான், அளவு மாறிடுச்சு. பத்து நிமிஷத்தில் புதுத் தாள் ரெடி. எனக்கு மட்டும் ஒரு நஷ்டம்: D-யில் சுலபமா இருந்த G எல்லாம் இப்போ F. கிட்டார் கத்துக்கறவங்களுக்குத் தெரியும் F பிடிக்கிற வலி.

20/
இந்த எண் முறைக்கு எல்லையும் உண்டு. எண்ணைப் பார்த்ததும் விரல் போகப் பழக்கம் வேணும். பாட்டு நடுவில் ஸ்ருதி மாறினாலோ, ராகத்துக்கு வெளியே கார்டுகள் வந்தாலோ தாள் குழப்பமாகும். அதனால நான் எண்ணில் ஒரு மூலப் பிரதி வச்சுக்கிட்டேன். கையில் கொடுக்கிறது எப்பவும் கார்டு பேர் எழுதின தாள்தான்.

21/
மூணாவது ஞாயிறு, விழாவுக்கு முந்தின கடைசி ரிகர்சல். கீபோர்டுக்கு சர்ச்சில் வாசிக்கிற ஒரு காலேஜ் பையன் வந்தான். பாட்டை அதுவரை கேட்டதே இல்லை. முந்தின நாள் பழைய D தாளை ஃபோனில் அனுப்பியிருந்தேன், வந்ததும் புது C தாளைக் கையில் கொடுத்தேன். ஒன், டூ, த்ரீ, ஃபோர். முதல் பாரிலேயே பல்லு கூசற மாதிரி ஒரு சத்தம்.

22/
யார் தப்பு? நான் பேஸைச் சந்தேகப்பட்டேன். நிறுத்திட்டு, எல்லாரும் ஸ்ருதிக் கார்டை மட்டும் ஒவ்வொருத்தரா நீட்டி வாசிங்கன்னேன். கிட்டார் C, பேஸ் C. கீபோர்டில் அவன் விரல் C-யில்தான் இருக்கு, சத்தம் மட்டும் ஒரு கட்டை கீழே, B♭. விஷயம் இதுதான்: சிஸ்டர் C-யில் பாடப்போறாங்கன்னு தெரிஞ்ச பையன் பழைய D தாளுக்காக டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி -2 வச்சிருந்தான். அப்புறம் C தாளைப் படிச்சான். ரெண்டு தடவை இறங்கிடுச்சு. மருந்து கொடுத்தாச்சுன்னு சீட்டில் எழுதாம விட்டா அடுத்த ஷிஃப்டில் இன்னொரு டோஸ் போயிடுமே, அதே கதை.

23/
இது நடக்கிறதை எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒருத்தர் தனியா வாசிச்சா சுத்தமா இருக்கும், சேர்ந்தா மட்டும் கசக்கும், அதுவும் பாட்டு முழுக்க ஒரே அளவுக்குக் கசக்கும். தப்பான கார்டுன்னா ஒரு இடத்தில் மட்டும்தான் கசக்கும். எல்லா இடத்திலும்னா அது ஸ்ருதி, பட்டன் அல்லது கிட்டாரில் மாட்டின கேப்போ. அன்னைக்கே எல்லாத் தாளிலும் முதல் வரியைப் பென்சிலால் திருத்தினோம். பழைய தாள்களை வாங்கிக் கிழிச்சுட்டேன். ஃபோனில் இருந்ததையும் அழிக்கச் சொன்னேன்.

```
கேட்கும் ஸ்ருதி C   டிரான்ஸ்போஸ் 0   கேப்போ இல்லை
```

24/
டிரான்ஸ்போஸ் 0 ஆனதும் பையன் தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தான். "C-ல நிறுத்தறப்ப நானும் கையை எடுத்துடணுமாங்க டாக்டர்?" அவ்வளவுதான் கேட்டான். முதல் தடவையே 86 பாரும் வந்தது. பாட்டையே கேட்டிராதவன் இடை இசையில் எட்டு பார் முடிஞ்சு சரியா சரணத்தில் இறங்கினான். சிஸ்டர் அவனைத் திரும்பிப் பார்த்து, "நல்லா வாசிக்கிற கண்ணு"ன்னாங்க. அப்போ அவங்க குரலில் இருந்த பயம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி எனக்குத் தோணுச்சு.

25/
விழா அன்னைக்கு ஓபி முடிஞ்சு மதியம். ஃபேன் காத்துல தாள் பறக்காம இருக்க மைக்ரோபோர் பிளாஸ்டர் போட்டு ஒட்டினோம். ரெண்டாவது சரணம். 12ஆவது பார், முதல் தட்டு, எல்லாரும் நின்னோம். ஹால் முழுக்க அமைதி. சிஸ்டர் எடுக்கலை. அவங்க கண்ணு நிறைஞ்சு தொண்டை அடைச்சிடுச்சு.

26/
இதுக்கு எங்க தாளில் ஒண்ணும் எழுதலை. ஆனா நாலு பேருக்கும் எங்க நிக்கறோம்னு தெரியும். யாரும் பதறி உள்ள புகலை, யாரும் திரும்ப ஆரம்பிக்கலை. பேட்காரர் மட்டும் குச்சியால் மெதுவா நாலு தட்டினார். இன்னொரு நாலு. ரெண்டாவது நாலின் கடைசித் தட்டில் சிஸ்டர் மூச்சு இழுத்துப் பல்லவியை எடுத்தாங்க. அடுத்த பாரின் முதல் தட்டில் நாங்க எல்லாரும் சேர்ந்து இறங்கினோம். கீழே இருந்தவங்க அது பாட்டிலேயே அப்படித்தான்னு நினைச்சுட்டாங்க.

27/
உங்க குழுவுக்கு எழுதறப்ப கடைசியா ஒரு சோதனை. தாளை எழுதி முடிச்சதும் பாட்டைப் போடாம, பாடாம, தாளை மட்டும் பார்த்து முதல் பாரில் இருந்து கடைசி பார் வரை தட்டி எண்ணிட்டுப் போங்க. எந்த இடத்திலாவது "இங்க எனக்குத் தெரியும்"னு ஞாபகத்தை வச்சுத் தாண்டினீங்கன்னா அந்த இடம் தாளில் இல்லைன்னு அர்த்தம். அதை எழுதுங்க.

28/
சிஸ்டர் போகும்போது கேட்டது ஒண்ணே ஒண்ணு, என் தாள். அவங்களுக்கு கார்டு படிக்கத் தெரியாது. "நிறுத்துன்னு எழுதியிருக்கீங்கல்ல, அது எனக்குப் புரியும் டாக்டர்"னு சொல்லி மடிச்சு ஹேண்ட்பேக்கில் வச்சுக்கிட்டாங்க. மூலப் பிரதி எண்ணில் என்கிட்ட இருக்கு. அவங்க சளி சரியானதும் திரும்ப ரெண்டு கட்டையில் ஒரு தடவை பாடிப் பதிவு பண்ணணும்னு பேசி வச்சிருக்கோம்.